கோர்ட் ஸ்டாம்பு ஒட்டிய கடிதம்

எங்கள் வீட்டில் பாம்பைக் கண்டாலும் அவ்வளவு பயப்பட மாட்டார்கள், காகிதத்தைக் கண்டால் பயப்படுவார்கள். என் தாத்தா யாரோ நீட்டிய ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்து ஏரிக்கரை நிலத்தில் பாதியை விட்டவர். அதிலிருந்து என் அப்பாவுக்கு எழுத்து என்றாலே சந்தேகம். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்துப் படிக்கச் சொல்வார். இருவரும் ஒரே தேதியைச் சொன்னால்தான் கல்யாணத்துக்குக் கிளம்புவார். அந்தக் குணம் எனக்கும் வந்திருக்கிறது. நானும் லேசில் யாரையும் நம்புகிறவன் இல்லை. முக்கியமாக அந்த நாளில் என் அப்பாவை நம்பியதில்லை.

நசரத்பேட்டையிலிருந்து திருமழிசைக்குப் போகிற வழியில் எங்களுக்குச் செங்கல் சூளை இருந்தது. யுத்தம் வந்ததும் ஆவடியில் பட்டாளத்துக்காகக் கொட்டகைகளும் கிடங்குகளும் எழும்ப ஆரம்பித்தன. எத்தனை கல் அறுத்தாலும் போதவில்லை. அந்தச் சமயம் பார்த்து, அடுக்கி வைத்திருந்த கல் சரிந்து அப்பாவின் வலது கால் முறிந்தது. நான் அப்போது பட்டணத்தில் இண்டர்மீடியட் முதல் வருஷம் முடித்து, இரண்டாம் வருஷத்துக்குத் தேறியிருந்தேன். குண்டு விழும் என்ற பீதியில் ஊரே காலியாகி, கல்லூரியையும் முன்னதாகவே மூடிவிட்டதால் வீட்டில்தான் இருந்தேன்.

கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு அப்பா சொன்னார்.

"ஆவடியில தர்ற சீட்டெல்லாம் இங்கிலீஷுல கீது. எத்தினி கல்லு எடுத்துகினான், எத்தினி கல்லு தள்ளிட்டான்னு எனக்கு இன்னா தெரியும்? ஒரே ஒரு வருசம் பாத்துக்கோ. அப்பால நீ போ, நான் தடுக்கல."

சரி என்றேன். அந்த ஒரு வருஷத்துக்குள் காலேஜ் பேச்சையே எடுக்கக் கூடாது என்பதும் அந்தப் பேச்சுக்குள் அடக்கம். ஜூலையில் கல்லூரி திறந்தபோது நான் போகவில்லை, சம்பளம் கட்டவில்லை. பெயரை எடுத்துவிட்டார்கள்.

அடுத்த மாதம்தான் வெள்ளையனே வெளியேறு என்று நாடு முழுக்கக் கலகம். மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். அங்கங்கே தந்திக் கம்பிகளை அறுத்தார்கள், தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். நான் ஏரி மண்ணை மிதிக்கிற ஆட்களோடு முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் அந்தக் கலகத்துக்கும் சம்பந்தம் இல்லை. இருந்திருந்தால் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருப்பேன், இத்தனை வருஷம் கழித்து ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த ஆகஸ்டில் மூன்று நாள் நான் சூளையில் இல்லை. அது உண்மை.

பொன்னேரிப் பக்கம் சூளை எரிக்கச் சவுக்குக் கட்டை விலை பேசிவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். கட்டையை ஒரே நாளில் பேசி முடித்துவிட்டேன். மீதி இரண்டு நாள் திருவல்லிக்கேணியில் என் வகுப்புத் தோழன் ஒருவன் அறையில் உட்கார்ந்து, அதுவரை நடந்த பௌதிகப் பாடத்தை முழுக்க ஒரு நோட்டில் பார்த்து எழுதினேன். வெளியே தெருவில் கோஷம், போலீஸ் லாரி. நான் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். ஒரு வருஷம் கழித்துத் திரும்பிப் போகும்போது மற்றவர்களுக்குப் பின்னால் நிற்கக் கூடாது என்கிற ஒரே ஆசைதான். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறோம் என்ற குறுகுறுப்பும் இருந்தது, அதனால் நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்து சூளைக் கொட்டகையின் கூரைக் கீற்றுக்குள் மறைத்து வைத்தேன். மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போகும்போது எடுத்துப் படிப்பேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. நோட்டு காணாமல் போய்விட்டது.

அன்றைய தினம் நன்றாக நினைவிருக்கிறது. ஐப்பசி மழைக்குள் இன்னும் ஒரு சூளை எரித்துவிட வேண்டும் என்று அவசரமாகக் கல் அடுக்கி, மண் பூசி, நெருப்பு வைக்கிற நாள். எங்கள் பக்கத்தில் முதல் நெருப்பை முதலாளிதான் தன் கையால் வைக்க வேண்டும், வேறொருவர் வைத்தால் கல் வேகாது என்பார்கள். அதனால் அப்பா கால் முறிந்த பிறகு முதல் தடவையாக மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். கொட்டகையில் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். கற்பூரம் காட்டினார்கள். தடியை ஊன்றிக்கொண்டு வந்து, மிலாறு என்கிற சவுக்குச் சுள்ளிக் கட்டு ஒன்றைக் கொளுத்திச் சூளை வாய்க்குள் தள்ளினார். நான் அவர் கீழே விழுந்துவிடாமல் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். சாயங்காலம் கூரையைத் தடவிப் பார்த்தால் நோட்டு இல்லை.

முதலில், சூளை எரிவதைப் பார்த்துக்கொள்கிற நெருப்பு மேஸ்திரியைச் சந்தேகப்பட்டேன். பீடி சுற்றக் காகிதம் வேண்டி எடுத்திருப்பாரோ என்று அவர் பீடியையெல்லாம் உற்றுப் பார்த்தேன். பிறகு மெதுவாக அப்பா மேல் சந்தேகம் வந்தது, வந்தது போகவில்லை. ஒரு வருஷம் என்றவர் என்னை நிரந்தரமாகச் சேற்றில் நிறுத்தப் பார்க்கிறார் என்று நினைத்தேன். கேட்கவும் முடியாது. கேட்டால் நோட்டு எங்கிருந்து வந்தது என்ற கதையைச் சொல்ல வேண்டும்.

மறு வருஷம் மே மாதம், கல்லூரி முதல்வருக்கு நானே இங்கிலீஷில் கடிதம் எழுதினேன். முதல் வருஷம் தேறினேன், தந்தைக்குக் கால் முறிந்ததால் எங்கள் செங்கல் சூளையைப் பார்க்க நேர்ந்தது, இப்போது அவர் நடக்கிறார், இரண்டாம் வருஷத்தில் அதே பாடங்களில் மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். அடியில் தகப்பனார் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அப்பாவிடம் நீட்டினேன்.

வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா எழுதிக் கீறே?"

சொன்னேன்.

"நீ சொல்றது சரி. காயிதம் இன்னா சொல்லுதுன்னு யாருக்குத் தெரியும்?"

பெற்ற பிள்ளை படித்துச் சொன்னது போதவில்லை. பூந்தமல்லியில் முன்சீப் கோர்ட்டு வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அப்பா அவரிடம் போனார். என்னை வர வேண்டாம் என்றுவிட்டார். அது எனக்கு இன்னும் உறுத்தியது.

மத்தியானம் திரும்பி வந்து சொன்னார்.

"நீ சொன்னதுதான் அதுலயும் கீது. ஆனா அவரு இன்னா சொல்றாருன்னா, உடம்பு சரியில்ல, டைபாய்டுன்னு போட்டா சுளுவா முடிஞ்சிடுமாம். டாக்டர் சீட்டும் அவரே வாங்கித் தர்றாராம்."

"வேணாம் நைனா. நடந்ததுதானே எழுதிக் கீறேன்."

"அதான் நானும் வேணாம்னுட்டேன். கையெழுத்துப் போட்டு, ரிஜிஸ்தர் தபால்லயும் போட்டாச்சு. இந்தா ரசீது."

ரசீது உண்மைதான், பூந்தமல்லித் தபாலாபீஸ் முத்திரை இருந்தது. ஆனால் உறைக்குள் என்ன போயிற்று? என் கடிதமா, மனுக்காரர் எழுதிய வேறு ஒன்றா, வெறும் காகிதமா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மூன்று வாரம் பதில் வரவில்லை, அந்த மூன்று வாரமும் அப்பா சோறு தின்பதைக்கூட நான் ஒரு மாதிரியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு கார்டு வந்தது. தகப்பனாரை அழைத்துக்கொண்டு நேரில் வர வேண்டும், சில விஷயங்களுக்கு விளக்கம் தேவை என்று இருந்தது. அப்பா அதையும் இரண்டு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

பூந்தமல்லியிலிருந்து கரி பஸ்ஸில் போனோம். பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு போகிற பஸ், ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். அப்பா தடியோடு உள்ளே உட்கார்ந்திருக்க, நான் மற்றவர்களோடு இறங்கித் தள்ளினேன். கல்லூரிக்குப் போய்ச் சேரும்போது என் சட்டை முழுக்கக் கரி.

ஆபீசில் தலைமைக் குமாஸ்தா எங்களை நிற்க வைத்தே என் கடிதத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார். என் கையெழுத்துத்தான், நான்கு வரியும் நான் எழுதியபடியேதான் இருந்தது. அடியில் அப்பாவின் கோணல் கையெழுத்து. தலைப்பில், வலது பக்கத்தில், அழகாக ஒட்டப்பட்ட ஒரு கோர்ட் பீஸ் ஸ்டாம்பு.



"கல்லூரிக்கு எழுதற லெட்டர்ல கோர்ட் ஸ்டாம்பு எதுக்குப்பா?" என்றார் குமாஸ்தா. குரலை உயர்த்தவில்லை. "எந்தக் கோர்ட்டுல கேஸ்?"

"கேஸ் எதுவும் இல்லை சார்."

"கேஸ் இல்லாதவன் வீட்டுல கோர்ட் ஸ்டாம்பு எப்படி வரும்? ஜூலையில நின்னுட்டே. ஆகஸ்டுல அவ்வளவும் நடந்தது. இந்த வருஷம் திரும்பி வர்றவன் எல்லாம் டைபாய்டுன்னு எழுதறான், சீட்டு வைக்கறான். நீ மட்டும் செங்கல் சூளைன்னு எழுதியிருக்கே. அதான் யோசனையா இருக்கு."

பொய் சொன்னவனையெல்லாம் நம்புகிறார்கள், உண்மை சொன்னவனைக் குடைகிறார்கள் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வேலியில் போன ஓணானை எடுத்துக் காதில் விட்டுக்கொண்டது போல, இந்த ஸ்டாம்பு வேறு. அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஸ்டாம்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே ஒட்டினாரா? என்னைத் திருப்பி அனுப்பிவிடட்டும் என்றா? கடவுள் சாட்சியாக அந்த நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன்.

முதல்வர் அறைக்கு அழைத்துப் போனார்கள். முதல்வர் தலைப்பாகையும் நீளக் கோட்டும் போட்ட தமிழர். நான் முதல் வருஷம் படித்தபோது தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அப்பாவை நாற்காலியில் உட்காரச் சொன்னார், அவர் உட்காரவில்லை. முதல்வர் ஸ்டாம்பின் மேல் விரலை வைத்தார்.

"இது என்ன?"

அப்பா முந்திக்கொண்டார். "நான்தான் ஒட்டச் சொன்னேன் சாமி. எழுதறவரு வேணாம்னுதான் சொன்னாரு. பள்ளிக்கூடமானாலும் மனு மனுதானே. ஸ்டாம்பு இல்லாத காயிதத்த யாரு நம்புவாங்க?"

முதல்வர் அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிக்கவில்லை. இந்த ஆள் தந்திரக்காரனா, வெகுளியா என்று எடை போடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் நானும் அதையேதான் ஒரு வருஷமாகச் செய்துகொண்டிருந்தேன்.

"சூளைக்கு எங்கே மண் எடுக்கிறீர்கள்?"

அப்பா சொன்னார். எத்தனை நாள் காய வைப்பது, எத்தனை நாள் எரிப்பது, ஆவடிக்கு எந்த வழியாக வண்டி போகும் என்றெல்லாம் முதல்வர் கேட்டார். அப்பாவும் கேட்டதற்கு மேலேயே சொன்னார். குமாஸ்தா ஒரு ஓரமாக நின்று என் கரி படிந்த சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு முதல்வர் என் பக்கம் திரும்பினார். "போன ஆகஸ்ட் மாதம் பட்டணத்துக்கு வந்தாயா?"

கேட்டுவிட்டார். வந்தேன் என்றால், எங்கே தங்கினாய், யாரோடு, கதவைச் சாத்திக்கொண்டு என்ன எழுதினாய் என்று போகும். எழுதிய நோட்டைக் காட்டு என்பார். நோட்டும் இல்லை. வரவில்லை என்றால் பொய், டைபாய்டு வேண்டாம் என்று வீறாப்பாகப் பேசியவன் நான். என் வருஷம், என் படிப்பு, எல்லாமே அந்த ஒரு பதிலில் தொங்கியது. வாயைத் திறந்தேன்.

"அவன் எங்க சாமி வந்தான்?" என்றார் அப்பா. "நான் கால் ஒடிஞ்சு படுத்துகினு கீறேன். கல்லு அறுக்கறது, காய வைக்கறது, வண்டி ஏத்தறது எல்லாம் அவன்தான். அந்த மாசம் பூரா ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூட சூளைய விட்டு அவன் நவுரல. நான் என் கண்ணால பாத்தேன்."

படுத்துக்கொண்டிருந்தவர் எப்படிக் கண்ணால் பார்த்தார் என்று முதல்வர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்பா அசையாமல் நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று பிற்பாடு பல தடவை நினைத்ததுண்டு. அன்றைக்குச் சொல்லவில்லை.

முதல்வர் பேனாவை எடுத்து, கடிதத்தின் மூலையில், ஸ்டாம்புக்குப் பக்கத்தில், சேர்த்துக்கொள்ளலாம் என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அரசியல் எதிலும் கலந்துகொள்வதில்லை, முன்கூட்டித் தெரிவிக்காமல் வகுப்புக்கு வராமல் இருப்பதில்லை என்று நான் ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்தேன். தகப்பனார் கையெழுத்தும் வேண்டும் என்றார் குமாஸ்தா. அப்பா அந்தக் காகிதத்தை வாங்கினார், யாரையும் படிக்கச் சொல்லவில்லை, கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் பின் இருக்கை கிடைத்தது. கரி அடுப்பின் சூடு முதுகில் அடித்தது. கோயம்பேடு தாண்டியது. பிறகு அப்பா தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சவுக்குக் கட்ட வண்டி வந்தப்புறம் ரெண்டு நாளு கழிச்சுதான் நீ வந்தே. எங்க போனே?"

பத்து மாதமாக அதை மனதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வண்டி முன்னால் வந்து சேர்ந்ததை நான் யோசிக்கவே இல்லை.

"திருவல்லிக்கேணியில சிநேகிதன் ரூம்ல நைனா. பாடம் எழுதிகினு இருந்தேன்."

"உம்."

"நெஜமாத்தான். ஒரு நோட்டு பூரா எழுதிகினு வந்தேன். கொட்டாய்க் கூரையில வச்சிருந்தேன். யாரோ எடுத்துட்டாங்க."



"யாரும் எடுக்கல. நான்தான் எடுத்தேன். முதல் நெருப்பு வச்சேன் இல்ல, அந்த மிலாத்துக் கட்டுக்குள்ள வச்சுத் தள்ளிட்டேன்."

நான் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே, என் கண் முன்னாலேயே, என் நோட்டு எரிந்திருக்கிறது. சந்தேகப்பட்டது சரிதான் என்று ஒரு நொடி கோபம் தலைக்கேறியது. ஏன் என்று கேட்டேன், கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தி, முன் இருக்கையில் இருந்தவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அதுல கம்பம் போட்டு, கம்பி இழுத்து, படம் போட்டுக் கீறே. அந்த மாசந்தான் எல்லாரும் தந்திக் கம்பிய அறுத்துகினு இருந்தாங்க. ஆவடிக்குத் தெனம் போற புள்ள நீ, பட்டாளத்துக்காரன் சோதனை போட்டா இன்னா ஆவறது? எனக்கு இருக்கறது நீ ஒருத்தன்."

தந்தி எப்படி வேலை செய்கிறது என்ற பாடம் அது. இந்தப் பக்கம் ஒரு சாவி, அந்தப் பக்கம் ஒரு மின்காந்தம், நடுவில் கம்பங்களும் கம்பியும். பரீட்சைக்கு வரும் என்று பென்சிலைச் சீவிச் சீவி அழகாகப் போட்டிருந்தேன்.

அதை அவருக்கு விளக்கினேன். பூந்தமல்லி வரும் வரை விளக்கினேன். பாட்டரி, சாவி, மின்காந்தம் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கம்பி அறுக்கப் போனவன் என்று நினைத்துக்கொண்டேதான் அந்த அறையில் எனக்காக அவர் பொய் சொல்லியிருக்கிறார். என்னைச் சேற்றிலேயே நிறுத்தப் பார்க்கிறார் என்று இத்தனை மாதம் நினைத்ததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. இறங்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ரோட்டில் தடியை ஊன்றி நின்று, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, அப்பா சொன்னார்.

"பாடமோ இன்னாவோ, போய் நல்லாப் படி. ஆனா இனிமே படத்தக் காயிதத்துல போடாதே. மனசுல வச்சுக்கோ."